பெயர்ப்பட்டியலும் தலைப்பும் மட்டும் இருக்கிறது, கூட்ட அறிக்கை வேண்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை நகரில் தட்டச்சும் போட்டோகொப்பியும் செய்கிற சின்னக் கடை என்னுடையது. கடிதம், விண்ணப்பம், சங்கங்களின் கூட்ட அறிக்கை எல்லாம் இங்கேதான் அடிபடும். பக்கத்துக் கிராமங்களின் கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கடற்றொழிலாளர் சங்கம், கோயில் பரிபாலன சபை என்று எல்லாரும் வருவார்கள். பாதிப் பேர் கொண்டு வருவது ஒரே ஒரு தாள். மேலே கூட்டத்தின் பெயர், கீழே வந்தவர்களின் பெயர். அவர்கள் கேட்பவற்றையும் நான் சொல்பவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

"அக்கா, வந்த ஆக்களின்ட பேரும் தலைப்பும் இருக்கு. அறிக்கையை அடிச்சுத் தருவீங்களா?"

முதல் கால்வாசியை இப்போதே அடித்துத் தரலாம். மிச்சத்தை நீங்கள்தான் கொண்டு வர வேண்டும். தாளில் உள்ளதை வைத்து நான் அடிக்கக்கூடியது இவ்வளவுதான்:

கூட்டத்தின் பெயர்: நிர்வாக சபைக் கூட்டம்
திகதி: ________ இடம்: ________
தொடங்கிய நேரம்: ________ முடிந்த நேரம்: ________
தலைமை: ________
சமுகமளித்தோர்: (தாளில் உள்ள 14 பெயர்கள்)
சமுகமளிக்காதோர், அறிவித்தவர்கள்: ________
சென்ற கூட்ட அறிக்கை உறுதிப்படுத்தல்: ________
எடுக்கப்பட்ட விடயங்கள்: ________
தீர்மானங்கள், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர்: ________
யார் என்ன செய்வது, எப்போதைக்குள்: ________

கோடு போட்ட இடங்களைப் பாருங்கள். திகதிகூட அந்தத் தாளில் இல்லை. கூட்ட அறிக்கை என்பதே இந்தக் கோடுகளுக்குள் வருகிற விஷயம்தான். பெயர்கள் அதன் வாசற்படி. அதனால் இந்த வெற்றுப் படிவத்துக்குக் காசு வாங்காமல் அடித்துக் கொடுத்து, நிரப்பிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்புவேன். சிலர் முகம் சுருங்கித்தான் போவார்கள். சரி, பரவாயில்லை.

"எல்லாக் கூட்டமும் ஒரே மாதிரித்தானே. நீங்களே போட்டு அடிச்சா என்ன?"

ஒருமுறை அடித்தேன். அந்தக் கதையைச் சொன்னால் போதும்.

கடை தொடங்கிய புதிது. ஒரு கரையோரச் சங்கத்தின் செயலாளர் பெயர்ப்பட்டியலோடு வந்து, "வலை திருத்திற கொட்டிலுக்குக் காசு ஒதுக்கினது, அவ்வளவுதான் பிள்ளை, மிச்சத்தை அழகாப் போட்டு விடு" என்றார். அழகாகப் போட்டேன். "இவ்விடயம் தொடர்பாக நீண்ட நேரம் கலந்துரையாடப்பட்டதன் பின்னர் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் வேண்டுமே? பட்டியலின் முதல் பெயரையும் இரண்டாவது பெயரையும் எடுத்துப் போட்டுவிட்டேன்.

அடுத்த கூட்டத்தில் அறிக்கையை வாசித்திருக்கிறார்கள். இரண்டாவது பெயர்க்காரர் எழும்பி, "நான் கையெழுத்து வைச்சிட்டுப் படகை இழுத்துக் கட்டப் போயிட்டன். கரையில இருந்த மனிசன் எப்பிடி மண்டபத்துக்குள்ள வழிமொழிஞ்சன்?" என்று கேட்டாராம். அந்தச் செலவு வேண்டாம் என்று ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவரும் அவர்தான். இந்த அறிக்கை பொய் என்றால் போன வருட அறிக்கைகளும் இப்படித்தானோ என்று கேள்வி கிளம்பி, உண்மையாக எழுதப்பட்டிருந்த பழைய தீர்மானங்களையும் ஒவ்வொன்றாகக் கிளறினார்கள். செயலாளர் மாறினார். என்னை யாரும் குறை சொல்லவில்லை, ஆனால் அந்த வசனத்தை அடித்தது என் விரல்தான்.

"நீண்ட நேரம் கலந்துரையாடப்பட்டது" என்ற வசனம் பார்ப்பதற்குச் சாதுவாக இருக்கும். ஆனால் அதற்குள் யாரும் பார்க்காத மூன்று செய்திகள் இருக்கின்றன: பேச்சு நடந்தது, நேரம் எடுத்தது, எல்லாரும் கேட்டார்கள். "ஏகமனதாக" என்றால் எதிர்த்தவர் ஒருவரும் இல்லை. இவற்றில் ஒன்றுகூட பெயர்ப்பட்டியலில் கிடையாது.

"பேர்ப்பட்டியல்ல இருந்து ஒண்டுமே எடுக்கேலாதா?"

எடுக்கலாம். ஆனால் மக்கள் நினைப்பதைவிடக் குறைவாக. முதலில் அது என்ன பட்டியல் என்று கேட்பேன். வந்தவர்கள் கையெழுத்து வைத்த தாளா, அழைப்பு அனுப்பியவர்களின் பட்டியலா, அல்லது யாரோ வீட்டில் இருந்து நினைவில் எழுதியதா? மூன்றும் கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும். கையெழுத்து இல்லாத பட்டியலை "சமுகமளித்தோர்" என்று போடுவதற்கு முன், கூட்டத்தில் இருந்த இரண்டு பேரிடம் வாசித்துக் காட்டச் சொல்வேன்.

கையெழுத்து இருந்தாலும் அது ஆள் வந்தார் என்பதற்குத்தான் அத்தாட்சி. கடைசிவரை இருந்தார் என்பதற்கு அல்ல. தீர்மானம் எடுக்கும்போது எத்தனை பேர் இருந்தார்கள் என்பதுதான் கூட்டநடப்பெண்ணுக்கு முக்கியம். கோரம் என்று பலர் சொல்வது அதைத்தான். எத்தனை பேர் வேண்டும் என்பது உங்கள் சங்கத்தின் யாப்பில் இருக்கும். பட்டியலில் 14 பேர் இருந்து, யாப்பு 12 கேட்டு, நடுவில் மூன்று பேர் எழும்பிப் போயிருந்தால் கணக்குப் பிழைத்துவிடும். அதனால் "இடையில் சென்றவர்கள்" என்று ஒரு வரி கேட்டு வாங்குவேன். எங்கள் ஊரில் பின்னேரக் கூட்டம் என்றால் கடலுக்குப் போகிறவர்களும் கடைசி பஸ் பிடிக்கிறவர்களும் இடையில் எழும்புவது வழமை.

இன்னொரு சிக்கல், ஒரே பெயரில் இரண்டு பேர். தகப்பன் பெயரின் முதலெழுத்தைச் சேர்த்துக் கொண்டு வாருங்கள். பதவியை நான் ஊகிக்க மாட்டேன். பட்டியலில் முதலில் இருப்பவர் தலைவராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. முதலில் வந்து கையெழுத்து வைத்தவராக இருக்கலாம்.

"தலைப்பில என்ன இருக்கு? கூட்டம் எண்டு போட்டாப் போதாதா?"

போதாது. நிர்வாக சபைக் கூட்டம், பொதுக்கூட்டம், விசேட பொதுக்கூட்டம், வருடாந்தப் பொதுக்கூட்டம் நான்கும் வேறு வேறு. யார் வரலாம், எத்தனை நாளுக்கு முன் அறிவித்தல் கொடுக்க வேண்டும், எதைத் தீர்மானிக்கலாம் என்பதெல்லாம் அதைப் பொறுத்தது. பெரும்பாலான யாப்புகளில் நிர்வாகிகள் தெரிவு பொதுக்கூட்டத்துக்கு உரியது. நிர்வாக சபைக் கூட்டம் என்று தலைப்பைப் போட்டுவிட்டுக் கீழே புதிய தலைவர் தெரிவு என்று எழுதினால், அறிக்கை தன்னைத் தானே வெட்டிக்கொள்ளும்.

"கலந்துரையாடல்" என்று தலைப்பு வந்தால் இன்னும் கவனம் வேண்டும். அதில் பேசியிருப்பார்கள், தீர்மானம் எடுத்திருக்கவே மாட்டார்கள். அங்கே "தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதினால் இல்லாத ஒன்றை உருவாக்கியதாகிவிடும்.

"குறிப்பும் இல்ல, ரெக்கோர்டிங்கும் இல்ல. பிறகு எங்க இருந்து எடுக்கிறது?"

கூட்டத்தைச் சுற்றி நிறையத் தாளும் தகவலும் கிடக்கும், தேடத்தான் வேண்டும். அண்மையில் நடந்த ஒன்றை அப்படியே சொல்கிறேன்.

ஒரு மீனவர் சங்கத்தின் செயலாளர், வயதானவர், 14 பெயர் உள்ள தாளோடு வந்தார். கூட்டம் நடந்து 19 நாள். அன்று அவருடைய மனைவிக்குச் சுகமில்லாமல் ஆஸ்பத்திரியில் நின்றதால் அவர் கூட்டத்துக்கே போகவில்லை. உபதலைவர் தலைமை தாங்கியிருக்கிறார். குறிப்பு எழுத ஒருவரையும் விடவில்லை. "பிள்ளை, எனக்கு ஒண்டும் தெரியாது, ஆனா அறிக்கை நான்தான் வாசிக்கோணும்" என்றார்.

"ஐயா, முதலில் போனைக் காட்டுங்கோ" என்றேன். சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் கூட்ட அறிவித்தல் கிடந்தது. திகதி, இடம், பின்னேரம் 4.30 மணி, பேச வேண்டிய மூன்று விஷயங்கள்: வாடியின் கூரை திருத்தம், ஐஸ் பெட்டி வாங்குதல், வருடாந்தப் பொதுக்கூட்டத்தின் திகதி. பாதிக் கோடு அதிலேயே நிரம்பிவிட்டது. ஆனால் அறிவித்தலில் இருப்பது பேச நினைத்தது மட்டும்தான் என்பதை மறக்கக் கூடாது.

கீழே தள்ளிப் பார்த்தோம். அன்று மாலை 5.48க்கு யாரோ ஒரு படம் போட்டிருந்தார்கள். மண்டபத்தில் 11 பேர் இருக்கிறார்கள். அப்படியென்றால் 14 பேரில் மூன்று பேர் அந்த நேரத்தில் உள்ளே இல்லை, அல்லது படத்துக்குள் வரவில்லை. இரண்டு நாளுக்குப் பிறகு பொருளாளர் எழுதியது: "கூட்டத்தில் முடிவெடுத்தபடி ஞாயிறு காலமை கூரை வேலைக்கு எல்லாரும் வரவும்." இது பெரிய துணை. கூட்டத்துக்குப் பிறகு உடனே எழுதப்பட்டது, குழுவில் ஒருவரும் மறுக்கவில்லை.

அடுத்தது, போன மாத அறிக்கை. அதில் கூரைக்கு இரண்டு விலைமனு எடுப்பது என்று இருந்தது. அப்போ இந்தக் கூட்டத்தில் அந்த விலைமனு வந்ததா என்ற கேள்வி தானாகக் கிளம்புகிறது. பிறகு பொருளாளரின் காசோலைப் புத்தகம். அடிக்கட்டையில், கூட்டம் முடிந்து ஐந்தாம் நாள், தகரமும் மரமும் விற்கிற கடைக்கு 42,500 ரூபா.

இவ்வளவையும் ஒரு தாளில் எழுதிய பிறகுதான் ஆட்களிடம் கேட்கச் சொன்னேன். கேட்கிற விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. குழுவில் போட்டுக் கேட்டால் முதலில் பதில் போடுகிறவரின் நினைவு எல்லாருடைய நினைவாகிவிடும். அதனால் தலைமை தாங்கியவர், பொருளாளர், உறுப்பினர் மூன்று பேர் என்று ஐந்து பேருக்கும் தனித்தனியாக எடுக்கச் சொன்னேன். "கூரைக்கு 45,000 எண்டுதானே முடிவெடுத்தது?" என்று கேட்டால் எவரும் ஓம் என்றுதான் சொல்வார்கள். "கூரை விஷயம் என்னண்டு முடிஞ்சது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். ஐயாவுக்கு அது கஷ்டமாகத்தான் இருந்தது. முதல் அழைப்பிலேயே தொகையைச் சொல்லப் போனார், நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"ஆளுக்கொரு கதை சொல்லினமே. எதை எழுதுறது?"

ஒத்து வருவதை உறுதியாக எழுதுங்கள், ஒத்து வராததை ஒத்து வராதது என்றே எழுதுங்கள்.

அதே சங்கத்தில் ஐந்து பேரும் கூரையைத் திருத்த முடிவானது என்றார்கள். தொகையில்தான் இழுபறி. மூன்று பேர் 45,000க்கு மேல் போகக் கூடாது என்று சொன்னதாக நினைவு என்றார்கள், ஒருவர் 40,000 என்றார், ஒருவருக்கு ஞாபகமில்லை. காசோலை 42,500. அது 45,000க்குள் அடங்குகிறது, ஆனால் அதுதான் வரம்பு என்பதை நிரூபிக்காது. செலவழித்த காசை வைத்து அனுமதித்த காசை எழுதக் கூடாது. அப்படி எழுதினால் கணக்குப் பரிசோதிக்கிறவருக்கு ஒப்பிட ஒன்றுமே மிஞ்சாது.

ஐஸ் பெட்டி இன்னும் மோசம். ஒருவர் வாங்குவதாக முடிவென்றார், இருவர் ஒத்திவைத்தது என்றார்கள், மற்ற இருவரும் தேநீர் வந்த நேரம் அது, சரியாகக் கவனிக்கவில்லை என்றார்கள். எழுத்தில் ஒரு தடயமும் இல்லை. பொதுக்கூட்டத் திகதியில் பிரச்சினை இல்லை, அடுத்த நாளே குழுவில் அறிவித்தல் போயிருந்தது.

கடைசியில் அடித்தது இப்படி வந்தது:

"இவ்வறிக்கை கூட்டத்தின்போது எடுக்கப்பட்ட குறிப்புகளிலிருந்து எழுதப்பட்டதன்று. கூட்ட அறிவித்தல், வரவுத் தாள், வட்ஸ்அப் குழுச் செய்திகள், காசோலை அடிக்கட்டை ஆகியவற்றையும், கூட்டத்தில் இருந்த ஐவரின் நினைவையும் கொண்டு, கூட்டத்தில் சமுகமளிக்காத செயலாளரால் 19ஆம் நாள் தொகுக்கப்பட்டது.

1. வாடியின் கூரையைத் திருத்துவதெனத் தீர்மானிக்கப்பட்டது. செலவின் மேல்வரம்பு 45,000 ரூபா என மூவரும் 40,000 ரூபா என ஒருவரும் நினைவுகூர்ந்தனர். முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் விவரம் பதிவில் இல்லை.

2. ஐஸ் பெட்டி வாங்குவது பற்றிப் பேசப்பட்டது. முடிவு எடுக்கப்பட்டதா என்பது உறுதியாகவில்லை. அடுத்த கூட்டத்தில் மீண்டும் எடுக்கப்படும்."

ஐயாவுக்கு "பதிவில் இல்லை" என்ற வரி பிடிக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது என்றார். ஆனால் அடுத்த கூட்டத்தில் அதை வாசித்தபோது 40,000 என்று சொன்னவர் எழும்பி, "நான் சொன்னது சாமான் காசு மட்டும், கூலி 5,000 புறம்பு" என்றாராம். மூவரும் சரி, அவரும் சரி. இரண்டு தொகையையும் எழுதி வைத்ததால்தான் அது வெளியே வந்தது. பெரும்பான்மை என்று 45,000ஐ மட்டும் எழுதியிருந்தால், கூலியும் சேர்த்து அவ்வளவு என்பது புத்தகத்தில் ஏறியே இருக்காது.

"முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் இல்லாட்டி அறிக்கை செல்லாதே?"

இது ஒரு பயம், அதற்குப் பாதிக் காரணம் பள்ளிக்கூடத்தில் படித்த கூட்டறிக்கை வடிவம். யாப்பு கட்டாயமாகக் கேட்டால் அது பிரச்சினைதான். அப்படியிருந்தால் பரிகாரம் பெயரைத் தேடிப் போடுவதல்ல, அடுத்த கூட்டத்தில் அதே விஷயத்தைத் திரும்ப எடுத்து, ஆள் இருந்து முன்மொழிந்து, இன்னொருவர் வழிமொழிந்து நிறைவேற்றுவது. ஐந்து நிமிட வேலை. யாப்பு கேட்கவில்லை என்றால் அந்த இடம் வெறுமையாக இருப்பதால் ஒன்றும் கெட்டுவிடாது.

"நாள் பிந்திப் போச்சு. கூட்டம் நடந்த திகதியையே போட்டுக் கையெழுத்து வைக்கலாமா?"

கூட்டத் திகதி மேலே வரும். எழுதிய திகதி கையெழுத்துக்குப் பக்கத்தில் வரும். இரண்டும் வேறாக இருப்பதில் குற்றமில்லை. எழுதிய திகதியைப் பின்னுக்குத் தள்ளிப் போடுவதுதான் குற்றம்.

புத்தகத்தில் எழுதுகிறவர்கள் ஒன்றைச் செய்வார்கள், அதைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். சீ.ஆர். கொப்பியில் இரண்டு பக்கத்தை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த கூட்டத்தை எழுதியிருப்பார்கள், பிறகு வந்து அந்த இடைவெளிக்குள் பழையதைத் திணிப்பார்கள். கடைசி ஏழு எட்டு வரிகள் எறும்பு மாதிரிச் சிறுத்துப் போயிருக்கும், பேனை நிறமும் வேறாக இருக்கும். அப்படிச் செய்ய வேண்டாம். இப்போது எந்தப் பக்கத்தில் நிற்கிறீர்களோ அங்கே எழுதுங்கள், வெறும் பக்கத்தைக் குறுக்கே கோடிட்டு விடுங்கள்.

"வங்கியில நாளைக்கே கேக்கினம். காசோலையில கையெழுத்து வைக்கிற ஆக்களை மாத்தோணும். இப்ப என்ன செய்யிறது?"

இதற்கு நான் அடித்துத் தர மாட்டேன், நாளைக்கே என்றாலும். கூரை விஷயம் வேறு, இது வேறு. சங்கக் கணக்கில் கையெழுத்திடுகிறவர்களை மாற்றுவதற்கு வங்கி பொதுவாகக் கேட்பது தீர்மானத்தின் அத்தாட்சிப்படுத்திய பிரதி. அதில் கணக்கு இலக்கம், விலகுகிறவர், புதிதாக வருகிறவர், அவர்களின் அடையாள அட்டை இலக்கம், எந்த இருவர் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்பதெல்லாம் துல்லியமாக இருக்க வேண்டும். படிவம் வங்கிக்கு வங்கி மாறும், முதலில் அதை வாங்கிக்கொண்டு வாருங்கள். இவ்வளவு துல்லியத்தை எந்த நினைவிலிருந்தும் எடுக்க முடியாது. எடுத்தாலும், அதை நம்பி வங்கி மற்றவர்களின் காசைத் திறந்து விடுகிறது. நடக்காத தீர்மானத்துக்குத் தலைவரும் செயலாளரும் கையெழுத்து வைத்தால் அது பொய்யாவணம், பொலிஸ் வரைக்கும் போகக்கூடியது.

யாப்பில் சொன்ன நாள் அறிவித்தல் கொடுத்து ஒரு கூட்டம் வையுங்கள். போயா விடுமுறையில் எல்லாரும் ஊரில் நிற்பார்கள், அரை மணித்தியாலம் போதும். தீர்மான வசனத்தை முன்கூட்டியே என்னிடம் அடித்துக்கொண்டு போங்கள். கூட்டத்தில் வாசித்து, நிறைவேற்றி, அங்கேயே கையெழுத்து வாங்கலாம். அறிக்கைக்கு முன்னால் கூட்டம் நடக்க வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது.

"நான் செயலாளர் இல்ல, சாதாரண உறுப்பினர். அறிக்கை கேட்டதுக்கு பேரும் தலைப்பும் உள்ள ஒரு தாளைத்தான் தந்தவை."

அப்படியென்றால் உங்களிடம் இருப்பது வரவுத் தாள். "இதுதான் அறிக்கையா, அல்லது அறிக்கை வேறாக இருக்கிறதா?" என்று எழுத்தில் கேளுங்கள். இந்தக் கேள்விக்கு வருகிற பதில்தான் அடுத்த வழியைக் காட்டும். இன்னும் எழுதவில்லை என்று சொன்னால் கோபப்படாமல், நீங்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால், உங்களுக்கு நினைவிருப்பதைத் திகதி போட்டு எழுதிக் கொடுங்கள். அதுவும் ஒரு தடயமாகும். இருக்கிறது, தர மாட்டோம் என்றால் உறுப்பினர் புத்தகங்களைப் பார்ப்பது பற்றி யாப்பு என்ன சொல்கிறது என்று பாருங்கள், அடுத்த பொதுக்கூட்டத்தில் கேள்வியாக வையுங்கள்.

கூட்டத்தை நடத்தியது சங்கமல்ல, பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம் போன்ற ஓர் அரச அலுவலகம் என்றால் வழி வேறு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பிக்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்தச் சட்டம் அலுவலகத்தின் கையில் இருக்கிற தகவலைத்தான் தரச் சொல்கிறது. எழுதப்படாத அறிக்கையை உங்களுக்காக எழுதச் சொல்லாது. அதனால் விண்ணப்பத்தில் கூட்ட அறிக்கை என்று மட்டும் கேட்காமல், திகதியைக் குறிப்பிட்டு, அறிவித்தல் கடிதம், வரவுத் தாள், கூட்டத்துக்குப் பிறகு அது தொடர்பாக அனுப்பிய கடிதங்கள் என்று தனித்தனியாகக் கேளுங்கள். அறிக்கை இல்லாவிட்டாலும் மற்றவை வந்தால் பாதிக் கதை தெரிந்துவிடும்.

பிறகு திடீரென்று ஒரு முழு அறிக்கை கையில் தருவார்கள், அதையும் சொல்லி வைக்கிறேன். பட்டியலில் உள்ள எல்லாரும் வரிசையாக ஒவ்வொரு தடவை பேசியிருக்கிறார்களா, எல்லாத் தீர்மானமும் ஏகமனதா, ஒரு தொகையோ ஒரு திகதியோ ஒரு பொறுப்பாளர் பெயரோ இல்லையா என்று பாருங்கள். உண்மையான கூட்டம் அப்படி இருக்காது. அதில் ஒரு விஷயம் ஒரு பக்கத்துக்கு இழுபடும், இன்னொன்று ஒரு வரியில் முடியும், பாதிப் பேர் வாயே திறந்திருக்க மாட்டார்கள்.

"நினைவில இருந்து எழுதின அறிக்கை எப்ப உண்மையான அறிக்கை ஆகும்?"

அடுத்த கூட்டத்தில் வாசித்து, திருத்தம் கேட்டு, உறுதிப்படுத்தித் தலைவர் கையெழுத்திட்ட பிறகு. அதுவரை எல்லா அறிக்கையும் வரைபுதான், குறிப்பு வைத்து எழுதியதும்கூட. இப்படித் தொகுத்ததை வாசிக்கும்போது மட்டும் வழமைபோல் வேகமாக ஓட வேண்டாம். ஒவ்வொரு தீர்மானத்துக்கும் நிறுத்தி, "இது இப்பிடித்தானா?" என்று கேளுங்கள். வரும் திருத்தத்தைப் பழைய பக்கத்தில் வெட்டி எழுதாமல் புதிய அறிக்கையில் எழுதுங்கள்: "சென்ற அறிக்கையின் 1ஆம் தீர்மானத்தில் 45,000 ரூபா என்பது கூலி 5,000 ரூபாவையும் உள்ளடக்கியது எனத் திருத்தப்பட்டது."

"அடுத்த கூட்டத்துக்கு ஒரு ஆளை எழுத விட்டாப் போதுமா?"

விடுங்கள், ஆனால் அவர் எல்லாவற்றையும் எழுத வேண்டியதில்லை. ஒவ்வொரு விஷயம் முடியும்போதும் தலைமை தாங்குகிறவர் முடிவை ஒரு வசனத்தில் சத்தமாகச் சொல்ல வேண்டும், எழுதுகிறவர் அந்த ஒரு வசனத்தை மட்டும் எழுதினால் போதும். தொகை, ஆள், நாள் மூன்றும் அதில் இருக்க வேண்டும். கூட்டம் கலையும் முன் அந்த வரிகளை வாசித்து, தலைவரும் இன்னொருவரும் அதே கொப்பியில் கையெழுத்து வைக்கட்டும்.

அந்த ஐயா இப்போது அப்படித்தான் செய்கிறார். போன கிழமை வந்தார், கொப்பியில் ஒரு பக்கத்தில் நாலே நாலு வரி, கீழே இரண்டு கையெழுத்து, மூலையில் தேநீர்க் கறை. அடித்து முடிக்க எனக்குக் கால் மணித்தியாலம்கூட ஆகவில்லை. ஐஸ் பெட்டியை இன்னும் வாங்கவில்லையாம்.